மூக்கைப் பாருங்க

"மயக்கமா வருதுங்க" என்று ஒருவர் சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஐந்தாறு அர்த்தம் உண்டு. கண் இருட்டிக்கொண்டு கீழே விழப்போவதும் மயக்கம்தான். படுத்திருக்கும்போது மேலே ஓட்டுக்கூரை ராட்டினம் மாதிரி சுத்துவதும் மயக்கம்தான். நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளுவது, சர்க்கரை குறைந்து படபடவென்று வருவது, நாலு நாள் சரியாகத் தூங்காத அசதி, எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். கிறுகிறுப்பு, கிறக்கம், தலைசுத்து என்று வேறு சொற்களும் இருக்கின்றன. ஆனால் அந்தியூர்க்காரர் கிறுகிறுப்பு என்று சொல்வதும் பல்லடத்துக்காரர் கிறுகிறுப்பு என்று சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் பித்தம். "பித்தம் ஏறிப்போச்சுங்க, அவ்வளவுதான்" என்று கூட வந்தவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

நான் படித்த காலத்தில், தலைசுற்றல் என்று வருபவரிடம் முதலில் "எப்படி இருக்கு? சுத்துதா, இருட்டுதா, தள்ளாடுதா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கோவையில் ஓர் அவசரப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்ததில் தெரிந்தது, இதே கேள்வியைப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் அதே ஆள் வேறு பதில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே நடப்பதற்குச் சொல் இல்லை, நாம் எடுத்துக்கொடுக்கும் சொல்லை அவர் வாங்கிக்கொள்கிறார். அதனால் இப்போது நான் கேட்பது நேரத்தைப் பற்றி. எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நின்றது, நடுவில் முழுசாக விட்டதா, எதைச் செய்தால் வருகிறது. இதற்கு மட்டும் யாரும் பதிலை மாற்றுவதில்லை. "காத்தால அஞ்சு மணிக்குப் பால் கறக்கப் போறப்ப ஆரம்பிச்சதுங்க, இன்னும் விடலை" என்பார்கள். அந்த 'இன்னும் விடலை'யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் சுத்தி நின்றுவிடுகிற தலைசுற்றல் வேறு. காதுக்குள் இருக்கிற மிகச்சிறிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிப் போவதால் வருவது அது, தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரிசெய்துவிடலாம். நான் சொல்லப்போவது திடீரென்று தொடங்கி, அசையாமல் படுத்திருந்தாலும் விடாமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடர்வது. கூடவே வாந்தி. தலையை அசைத்தால் இன்னும் மோசமாகும். எழுந்து நின்றால் தள்ளும். கண்ணைத் திறந்து பார்த்தால் கண்மணிகள் தானாக ஒரு பக்கம் இழுபட்டு இழுபட்டுத் திரும்பும். அப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது உட்செவி நரம்பு வீக்கம். பயமுறுத்தும், ஆனால் ஆளைக் கொல்லாது. ஒரு சிறு பகுதியினருக்கு இருப்பது சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ ரத்தக்குழாய் அடைப்பு, அதாவது பக்கவாதம். கை கால் விழுந்திருக்காது, வாய் கோணியிருக்காது, பேச்சு குழறியிருக்காது. வெளியிலிருந்து பார்க்க இரண்டு பேரும் ஒரே மாதிரி தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு படுத்திருப்பார்கள்.

இவர்களைப் பிரிப்பது கண். ஏன் கண் என்று புரிய, காது என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். இதைப் படிக்கிற போனை முகத்துக்கு முன்னால் பிடித்து, வேகமாக இடம் வலமாக ஆட்டுங்கள். எழுத்து கலங்கிப்போகும். இப்போது போனை அசையாமல் வைத்துவிட்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். எழுத்து தெளிவாகவே இருக்கும். கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையில் நடக்கிற அசைவு இரண்டு முறையும் ஒன்றுதான். இரண்டாவது முறை தெளிவாக இருக்கக் காரணம், தலை திரும்புகிறது என்ற சேதியை உட்செவி மூளைத்தண்டுக்கு அனுப்பி, தலை போகிற திசைக்கு நேர் எதிராகக் கண்ணை அதே அளவு திருப்பிவிடுகிறது. நூறில் ஒரு நொடிக்குள் இது முடிந்துவிடும். நடுவில் மூன்றே நரம்புக் கண்ணிகள். உடம்பில் இதைவிட வேகமான அனிச்சைச் செயல்கள் அதிகம் இல்லை.

இரண்டு காதும் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு காங்கேயம் மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு காது நரம்புகளும் சும்மா இருப்பதில்லை, சமமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. சமமாக இழுப்பதால் வண்டி நேராக நிற்கிறது. இடப்பக்கம் தலையைத் திருப்பினால் இடது மாட்டின் இழுப்பு கூடும், வலது குறையும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திருப்பத்தைக் கணக்குப் போடுகிறது. இப்போது இடது நரம்பு வீங்கிப் படுத்துவிட்டது என்று வையுங்கள். வலது மாடு மட்டும் இழுக்கிறது. வண்டி இடப்பக்கமாகத் திரும்ப ஆரம்பிக்கும். கண்ணும் அப்படித்தான் மெதுவாக இடப்பக்கம் நகரும். வண்டிக்காரன் கயிற்றைச் சுண்டி நேராக்குவதுபோல மூளை கண்ணை வெடுக்கென்று வலப்பக்கம் இழுத்து விடும். மறுபடி இடப்பக்கம் நழுவும், மறுபடி வெடுக். இந்த நழுவலும் வெடுக்கும் சேர்ந்த ஆட்டத்துக்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர். கண் துடிப்பு என்று தமிழில் சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் நம்ம ஊரில் இமை துடிப்பதாக நினைத்துக்கொண்டு, வலதா இடதா, நல்லதா கெட்டதா என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மாடு படுத்துவிட்டது என்று கையால் சோதிக்க ஒரு வழியை 1988-ல் சிட்னியைச் சேர்ந்த மைக்கேல் ஹல்மாகியும் இயன் கர்தாய்ஸும் எழுதினார்கள். வேறு காரணத்துக்காக ஒரு பக்கச் சமநிலை நரம்பை அறுவை சிகிச்சையில் வெட்டியிருந்தவர்களிடம் அதைச் செய்து பார்த்தார்கள். எந்தப் பக்கம் நரம்பு இல்லை என்று முன்பே தெரியும் என்பதால் சோதனை சரியா தப்பா என்பதில் குழப்பமே இல்லை. ஹெட் இம்பல்ஸ் என்கிற அந்தச் சோதனைக்கு வேண்டியது இரண்டு கையும் ஒரு மூக்கும்தான்.

நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பார், அல்லது தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருப்பார். அவர் தலையை இரண்டு பக்கமும் தாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "என் மூக்கையே பாருங்க, என்ன ஆனாலும் மூக்கை விட்டுப் பார்வையை எடுக்காதீங்க" என்று சொல்ல வேண்டும். கழுத்தை இறுக்கமில்லாமல் விடச் சொல்லி, மெதுவாக இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இருந்து, அவர் எதிர்பார்க்காத ஒரு நேரத்தில் தலையைச் சடாரென்று ஒரு பக்கம் திருப்ப வேண்டும். தூரம் அதிகம் வேண்டாம், 10 முதல் 20 டிகிரி போதும். வேகம்தான் முக்கியம். அந்த நொடியில் நாம் பார்க்க வேண்டியது அவர் கண்ணை. நல்ல காது என்றால் கண் நம் மூக்கின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். படுத்துப்போன காதின் பக்கம் திருப்பினால் கண் தலையோடு சேர்ந்து போய்விடும். போன பிறகு, ஐயோ மூக்கை விட்டுவிட்டோமே என்பதுபோல ஒரு குதி குதித்து மூக்குக்குத் திரும்பும். அந்தக் குதிப்பைப் பார்த்துவிட்டால் அந்தப் பக்கத்துக் காதுதான் சிக்கல் என்று அர்த்தம்.

கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். வயது நாற்பத்தி இரண்டு. சளிக்காய்ச்சல் வந்து போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையில் இருந்து சுத்துகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. நேராகப் பார்க்கச் சொன்னால் கண் வலப்பக்கம் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. வலது ஓரத்தைப் பார்க்கச் சொன்னால் அதே இழுப்பு இன்னும் பலமாக, இடது ஓரத்தைப் பார்த்தால் பலம் குறைந்து, ஆனால் அப்போதும் வலப்பக்கம்தான். தலையை வலப்பக்கம் திருப்பினேன், கண் மூக்கை விடவில்லை. இடப்பக்கம் திருப்பினேன், போய்விட்டுத் தெளிவாகக் குதித்து வந்தது. அடுத்து ஒரு கண்ணை மறைத்து, கையை மாற்றி மறு கண்ணை மறைத்து, திறக்கிற கண் மேலோ கீழோ நகருகிறதா என்று பார்த்தேன். நகரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்க முடிந்தது, இடப்பக்கம் சாய்ந்தார். காது கேட்பதில் மாற்றம் இல்லை. எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன: இடது நரம்பு. வாந்திக்கு இரண்டு நாள் மருந்து, பிறகு சுத்தினாலும் பரவாயில்லை என்று எழுந்து நடக்க வேண்டும். நடக்க நடக்கத்தான் ஒற்றை மாட்டை வைத்து வண்டி ஓட்ட மூளை பழகும். தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் அந்தப் பழக்கம் தள்ளிப்போகும். நம் பக்கத்தில் வருடக்கணக்கில் அதை மளிகைச் சாமான் பட்டியலோடு சேர்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை சிக்கல் இல்லை. சோதனையில் கோளாறு தெரிந்தது, காதில் கோளாறு என்று சொன்னோம். புரியக் கொஞ்சம் சிரமமான இடம் இதற்கு அடுத்தது. இதே மாதிரி விடாமல் சுத்திக்கொண்டிருக்கிற ஒருவரிடம் ஹெட் இம்பல்ஸ் சோதனை இரண்டு பக்கமும் நார்மலாக வந்தால்?

மருத்துவத்தில் 'நார்மல்' என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் மூச்சு வரும். இங்கே அது தலைகீழ். இரண்டு மாடும் நன்றாக இழுக்கின்றன, அனிச்சைச் செயலின் மூன்று கண்ணிகளும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் ஆள் சுத்திக்கொண்டே இருக்கிறார் என்றால், கோளாறு காதில் இல்லை. அதற்கு மேலே, மாடுகளை ஓட்டுகிற இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் சிறுமூளையில். இந்த அனிச்சைப் பாதை சிறுமூளை வழியாகப் போவதில்லை, அதனால் சிறுமூளையில் அடைப்பு வந்தாலும் சோதனை சுத்தமாக நார்மலாகவே வரும்.

இதை மற்ற இரண்டு கண் அடையாளங்களோடு சேர்த்து ஒரு முறையாக்கியது அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா என்ற ஊரில். ஹோர்ஹே கட்டா, அருண் தல்காட், டேவிட் நியூமன்-டோக்கர் உள்ளிட்டோர் 2009-ல் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியிட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை என்று பக்கவாதம் வர ஏதாவது ஒரு காரணமாவது இருக்கிற, விடாத தலைசுற்றலோடு வந்த 101 பேர். அதில் 25 பேருக்குக் காது, 76 பேருக்கு மூளை, பெரும்பாலும் பக்கவாதம். மூன்று சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது பக்கவாதம் ஒன்றுகூடத் தவறவில்லை. காதுக்காரர் 25 பேரில் 24 பேரைச் சரியாகச் சொன்னது. முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ பக்கவாதக்காரர்களில் 100-க்கு 12 பேரை ஒன்றும் இல்லை என்றது. அப்படித் தவறியவை எல்லாம் நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தவை. ஹெட் இம்பல்ஸ், நிஸ்டாக்மஸ், ஸ்க்யூ என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அவர்கள் வைத்த பெயர் ஹின்ட்ஸ்.

சோமனூரில் இருந்து வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். வயது ஐம்பத்தி ஆறு, எட்டுத் தறி வைத்திருந்தார், சர்க்கரை பத்து வருடமாக. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தறிக் குடோனில் நிற்கும்போது சுத்த ஆரம்பித்தது. பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்து, நார்மல், காதுப் பிரச்சினை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சிறுமூளையைச் சுற்றி இருக்கிற தடித்த எலும்பின் நிழலில், புதிதாக வந்த சின்ன அடைப்பு அதில் பெரும்பாலும் தெரியாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்களிடம் வந்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"நேத்துக் காத்தால இருந்து இப்படியேதானுங்க. ஊசி போட்டா கொஞ்ச நேரம் தூங்கறாங்க. எந்திரிச்சா மறுக்கா அதே. அவியளுக்குச் சோறு தண்ணி எறங்கி ஒரு நாளாச்சுங்க சாமி."

கை கால் பலம் நன்றாக இருந்தது. முகம் நேராக, பேச்சு தெளிவாக. விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் சரியாகத் தொட்டார். வழக்கமான பக்கவாதச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. கண்ணை நேராகப் பார்க்கச் சொன்னேன். இடப்பக்கம் லேசாக இழுத்தது. இடது ஓரம் பார்க்கச் சொன்னதும் இழுப்பு கூடியது. சரி, இது வரைக்கும் ஆசிரியையிடம் பார்த்த மாதிரியேதான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. "இப்ப வலது பக்கம் பாருங்கண்ணா" என்றேன். இழுப்பு திரும்பிவிட்டது. இப்போது வலப்பக்கம் வெடுக் வெடுக்.

படுத்துப்போன காது இதைச் செய்யாது. மாடு ஒரு பக்கம்தான் இழுக்கும், நீங்கள் எங்கே பார்த்தாலும் வெடுக் அதே பக்கம்தான். பார்க்கிற பக்கத்துக்கெல்லாம் இழுப்பு மாறுகிறது என்றால், கண்ணை ஓரத்தில் பிடித்து நிறுத்தி வைக்கிற பொறுப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பொறுப்பு சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் உரியது. ஓரத்தில் வைத்த கண் நடுவுக்கு நழுவுகிறது, மறுபடி ஓரத்துக்குத் தள்ள வேண்டியிருக்கிறது.

ஹெட் இம்பல்ஸ் செய்தேன். வலப்பக்கம், கண் மூக்கிலேயே நின்றது. இடப்பக்கம், நின்றது. நான்கைந்து முறை திருப்பியும் ஒரு குதிப்புகூட இல்லை. கண்ணை மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்ததில் மேல் கீழ் நகர்வு இல்லை. இந்த மூன்றாவது சோதனை, ஸ்க்யூ, எப்போதாவதுதான் பிடிபடும். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கக் காரணம், எது மேல் எது கீழ் என்று காது சொல்வதை மூளைத்தண்டு சரியாகக் கேட்பது. அந்தப் பாதையில் அடி விழுந்தால் ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் போகும், மறைத்த கையை எடுக்கும்போது கண் செங்குத்தாக நகர்ந்து மட்டத்துக்கு வரும். இருந்தால் மூளைத்தண்டைச் சந்தேகிக்க வேண்டும். இல்லையென்றால் அதை வைத்து ஆறுதல் சொல்லக் கூடாது. மூன்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் போதும், மூளை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இவருக்கு இரண்டு தப்பு.

கடைசியாகக் கட்டிலின் ஓரத்தில் கையை ஊன்றாமல் உட்காரச் சொன்னேன். இடப்பக்கம் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார், பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். காது நரம்பு வீக்கத்தில் ஆள் தள்ளாடுவார், ஆனால் பெரும்பாலும் உட்கார முடியும்.

அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அது எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் ஐசியூ வேண்டும். சிறுமூளை ஒரு சின்ன அறைக்குள் இருக்கிறது. அடைப்பு பெரிதாக இருந்தால் இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் வீங்கி, மூளைநீர் போகும் வழியை அடைத்து, மூளைத்தண்டை அழுத்திவிடும். அப்போது நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நினைவு இழப்பார். அந்த நேரத்தில் அறுவை சிகிச்சை செய்ய ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மதியம் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நார்மல்.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க சார், சி.டி.யும் நார்மல், இதுவும் நார்மல். அப்பறம் எதுக்குங்க ஐசியூல வெச்சிருக்கீங்க? ஒரு நாளைக்கு என்ன ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. இத்தனை ஆயிரம் கொடுத்து எடுத்த படம் ஒன்று சொல்கிறது, மூக்கைப் பார்க்கச் சொல்லித் தலையைத் திருப்பின ஒருத்தர் வேறொன்று சொல்கிறார். நான் அவரை அப்பாவின் கட்டிலுக்குக் கூட்டிப்போய், வலது பக்கம் பார்க்கச் சொல்லி, இடது பக்கம் பார்க்கச் சொல்லி, கண் திரும்பித் திரும்பி இழுப்பதைக் காட்டினேன். முதல் இரண்டு நாளில் படம் ஏமாற்றலாம் என்றும், மூன்றாம் நாள் மறுபடி எடுத்து அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் நானே அனுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் அப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்க" என்றார். முழு மனசோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை எடுத்த படத்தில் இடது சிறுமூளையின் கீழ்ப்பக்கம் ஒரு சுண்டக்காய் அளவுக்கு வெள்ளைப் பொட்டு. சின்னது என்பதால் வீங்கவில்லை. அடைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியதில், 24 மணி நேர இ.சி.ஜி.யில் நடுநடுவே இதயம் தாளம் தப்பி ஓடுவது பதிவாகியிருந்தது. அப்படி ஓடும் இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடங்கினோம். காது என்று விட்டிருந்தால் தலைசுற்றல் எப்படியும் இரண்டு வாரத்தில் குறைந்திருக்கும். இதயமும் தன் பாட்டுக்குத் தாளம் தப்பி ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த கட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அவரிடம் நான் சோதித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தறி ஓடுகிற ஊர்களில் அது கொஞ்சம் சிக்கலானது. உட்செவிக்கு ரத்தம் கொண்டுபோகிற சின்னக் குழாய், பெரும்பாலானவர்களுக்கு மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் போகிற ஒரு குழாயின் கிளை. தாய்க்குழாய் அடைத்தால் காதும் சேர்ந்து செத்துப்போகும். அப்போது ஹெட் இம்பல்ஸ் சோதனையில் காது நோய் மாதிரியே குதிப்பு வரும், நாம் ஏமாந்துவிடுவோம். ஆனால் கூடவே அந்தக் காது கேட்காமல் போயிருக்கும். அதனால் மூன்றோடு நாலாவதாக, காதருகே விரல்களை உரசி, இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். புதிதாக ஒரு காது கேட்கவில்லை என்றால் பக்கவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அடைப்பு மூளைத்தண்டோடு நின்ற சிலரிடமும் குதிப்பு வருவதுண்டு, அங்கே காப்பாற்றுவது ஸ்க்யூ. சோமனூரிலும் பல்லடத்திலும் முப்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்றவர் காதருகே விரலை உரசினால் என்ன கேட்கும்? இவருக்கு இரண்டு பக்கமும் கேட்கவில்லை. மனைவியிடம் கேட்டேன். "அவியளுக்கு எப்பவுமே கத்தித்தானுங்க சொல்லோணும்" என்றார். பழையது, இரண்டு பக்கமும் சமம், அதனால் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. புத்தகத்தில் 'புதிய' என்று ஒற்றைச் சொல்லாக இருப்பதற்கு இங்கே வீட்டுக்காரரின் சாட்சி தேவைப்படுகிறது.

இந்தச் சோதனை எங்கே தப்பாகப் போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தப்பான ஆளிடம் செய்வதில். ஒரு இளம் டாக்டர் ஒருநாள் பதறிக்கொண்டு வந்தார். ஒரு பாட்டிக்கு ஹெட் இம்பல்ஸ் இரண்டு பக்கமும் நார்மல், பக்கவாதமாக இருக்கும் என்றார். போய்ப் பார்த்தால் பாட்டி கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இப்போது சுத்தவில்லை, காலையில் இடப்பக்கம் புரண்டு படுத்தபோது மட்டும் சுத்தியது. கண்ணில் எந்த இழுப்பும் இல்லை. சுத்தாத ஆளுக்கு ஹெட் இம்பல்ஸ் நார்மலாகத்தான் வரும், எனக்கும் உங்களுக்கும் வருகிற மாதிரி. அந்த நார்மலுக்கு ஓர் அர்த்தமும் இல்லை. இப்போது, இந்த நிமிடம், விடாமல் சுத்திக்கொண்டும் கண் இழுத்துக்கொண்டும் இருப்பவரிடம் மட்டும்தான் அது பேசும். பாட்டிக்கு நான் முன்னால் சொன்ன சுண்ணாம்புத் துகள்தான். தலையைத் திருப்பி மருத்துவம் செய்து மாலையே அவிநாசிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்தது வேகம். பயந்து பயந்து மெதுவாகத் திருப்பினால், கெட்ட காதுக்காரரும் கண்ணால் பின்தொடர்ந்து சமாளித்துவிடுவார், குதிப்பு தெரியாது. நார்மல் என்று எழுதிவிட்டு, இல்லாத பக்கவாதத்தைத் தேடிக்கொண்டிருப்போம். எப்போது திருப்புவோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டாலும் இதே கதைதான். தூக்கம் வரவைக்கிற ஊசியை முதலில் போட்டுவிட்டால் கண் இமையே திறக்காது, பிறகு எதைப் பார்ப்பது? கழுத்தில் அடிபட்டவர்களுக்கும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகம் வருகிறவர்களுக்கும், அதாவது திடீர்க் கழுத்து வலியோடு வருபவர்களுக்கும், இதைச் செய்யவே கூடாது. வீட்டில் யாரும் யாருக்கும் செய்து பார்க்கவும் கூடாது. பியோரியாவில் சோதித்தவர் கண்ணசைவுகளையே பார்த்துப் பார்த்துப் பழகிய நரம்பியல் நிபுணர். பழகாத கைகளில் அந்த எண்கள் வருவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அவசரப் பிரிவு டாக்டர்களுக்காக 2023-ல் அமெரிக்காவில் வந்த வழிகாட்டுதலும், இதில் பயிற்சி எடுத்தவர்கள் செய்யட்டும் என்றே சொல்கிறது.

பயிற்சி என்றால் எப்படி? ஹவுஸ் சர்ஜன்கள் ஒருவருக்கொருவர் தலையைத் திருப்பிப் பழகுகிறார்கள். அதில் கை பழகும், வேகம் வரும். ஆனால் இருபது இருபத்தி மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் காது நன்றாக இருக்கிறது, ஒருவர் கண்ணிலும் குதிப்பு வராது. நார்மலை ஆயிரம் முறை பார்த்தாலும் குதிப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்தக் கோபி ஆசிரியையிடம், உங்கள் கண்ணைப் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக்கொள்ளலாமா, பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று கேட்டேன். தலையை இன்னொரு முறை திருப்பினால் வாந்தி வரும் என்று அவருக்கும் தெரியும். "பாடம் நடத்தறதுக்குத்தானுங்களே, எடுத்துக்கோங்க" என்றார். வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் இரண்டு தடவை. மூன்றாவதற்குப் பிறகு நர்ஸ் தட்டைப் பிடித்தார். அந்தப் பதினோரு நொடி வீடியோவில், இடப்பக்கம் திருப்பும்போது கண் தலையோடு போவதும், ஒரு கணம் தவறான இடத்தில் நிற்பதும், குதித்து வருவதும் தனித்தனியாகத் தெரியும். புது பேட்ச் வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.